550 டாலர் ரேஸிங் வீல், வீட்டுக்கு வந்து சேரும்போது எவ்வளவு?

கேள்வி: வெளிநாட்டுத் தளம் ஒன்றில் வீடியோ கேம் ஆடுவதற்கான ரேஸிங் வீல், பெடல் சேர்ந்த செட் 600 டாலர். கூப்பன் போட்டால் 550. ஷிப்பிங் 70, இன்சூரன்ஸ் 10. கடைசிப் பக்கத்தில் "Duties and taxes not included" என்று இருக்கிறது. கைக்கு வரும்போது மொத்தம் எவ்வளவு ஆகும்? கொரியர்காரர்கள் தனியாக ஏதாவது கேட்பார்களா?

பதில்:

கொரியர் கட்டணம் பொதுவாக உண்டு. ஆனால் பில் எதிர்பார்த்ததைவிடப் பெரிதாக வருவதற்குப் பெரும்பாலும் அது காரணமல்ல. எந்தத் தொகையின் மேல் வரி போடுகிறார்கள் என்பதும், உங்கள் பொருளை எந்த வகையில் சேர்க்கிறார்கள் என்பதும்தான் காரணம். இந்த இரண்டையும் ஆர்டர் போடுவதற்கு முன்பே ஓரளவு சரியாகக் கணித்துவிடலாம்.

முதலில் மதிப்பு. சுங்கத் துறை எடுத்துக்கொள்வது தளத்தில் போட்டிருக்கும் பட்டியல் விலையை அல்ல, நீங்கள் உண்மையில் கொடுத்த விலையை. கூப்பன் தள்ளுபடி இன்வாய்ஸில் தனியாகத் தெரிந்தால் உங்களுக்கு 550தான் விலை. அது தெரியாமல் 600 என்று மட்டும் அச்சாகியிருந்தால் 600க்கே வரி போடுவார்கள். கிஃப்ட் கார்டில் கட்டிய தொகை தள்ளுபடி ஆகாது; அதுவும் பணம் கட்டிய ஒரு வழிதான். 100 டாலர் கார்டு பயன்படுத்தி மீதி 450ஐ அட்டையில் கட்டினாலும் மதிப்பு 550தான்.

அடுத்து, அந்த விலையோடு ஷிப்பிங்கும் இன்சூரன்ஸும் சேருமா என்பது. உலக வர்த்தக அமைப்பின் சுங்க மதிப்பீட்டு ஒப்பந்தம் இதை அந்தந்த நாட்டின் முடிவுக்கு விட்டிருக்கிறது. அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியா போன்ற சில நாடுகள் சர்வதேசப் போக்குவரத்துச் செலவைச் சேர்க்காமல் சுங்க வரியைக் கணக்கிடுகின்றன. பெரும்பாலான நாடுகள் சேர்த்தே கணக்கிடுகின்றன. சேர்க்கும் நாட்டில் இருந்தால் உங்கள் மதிப்பு 550 + 70 + 10 = 630.

ரேஸிங் வீல் விஷயத்தில் இந்த ஷிப்பிங் தொகையைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும், ஏனென்றால் பெட்டி எடைக்கு மிஞ்சிய பருமன் கொண்டது. கொரியர் நிறுவனங்கள் நீளம், அகலம், உயரத்தை சென்டிமீட்டரில் பெருக்கி, பொதுவாக 5000ஆல் வகுத்து வருவதைப் பரும எடை என்கின்றன. உண்மை எடை, பரும எடை இரண்டில் எது அதிகமோ அதற்குத்தான் கட்டணம். 50 × 40 × 35 அளவுள்ள பெட்டி தராசில் 9 கிலோ காட்டினாலும் கணக்கில் 14 கிலோ. அந்தக் கூடுதல் ஷிப்பிங் செலவின் மேல் வரியும் ஏறும். வீலையும் பெடலையும் தனித்தனி அட்டைப்பெட்டியில் போட்டு அவற்றை இன்னொரு பெரிய பெட்டிக்குள் வைத்து அனுப்பும் கடை என்றால், பெட்டியின் அளவை முன்கூட்டியே கேட்டு வாங்குங்கள்.

இனி வரி. இது இரண்டு அடுக்கு. முதலில் மதிப்பின் மேல் சுங்க வரி. பிறகு மதிப்பையும் சுங்க வரியையும் கூட்டி, அந்தத் தொகையின் மேல் வாட் அல்லது ஜிஎஸ்டி. சில நாடுகளில் இடையில் கூடுதல் வரி ஒன்றோ இரண்டோ இருக்கும், ஆனால் ஒன்றின் மேல் ஒன்றாக ஏறும் முறை அதேதான். கணக்குக்காகச் சுங்க வரி 15 சதவீதம், வாட் 18 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். உங்கள் நாட்டின் விகிதங்களை அந்த இடத்தில் போட்டுக்கொள்ளுங்கள்.

```
மதிப்பு        550 + 70 + 10       = 630.00
சுங்க வரி     630.00 × 15%        =  94.50
வாட்          (630 + 94.50) × 18%  = 130.41
மொத்த வரி                         = 224.91
```

15ஐயும் 18ஐயும் கூட்டி 33 சதவீதம் என்று 550இன் மேல் போட்டுப் பார்ப்பவருக்கு 181.50தான் வரும். உண்மையான சுமை 630இன் மேல் 35.7 சதவீதம். பில்லைப் பார்த்து "கணக்கே தப்பு" என்று சொல்கிறவர்களில் பலர் இந்த 43 டாலர் வித்தியாசத்தைத்தான் சொல்கிறார்கள். கணக்கில் தப்பில்லை.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருவோம். அந்த 15 சதவீதம் எங்கிருந்து வந்தது?

உலகச் சுங்க அமைப்பின் வகைப்பாட்டில் ஒவ்வொரு பொருளுக்கும் ஆறு இலக்கத்தில் ஓர் எண் உண்டு. எச்எஸ் கோடு என்பார்கள். அந்த ஆறு இலக்கமும் எல்லா உறுப்பு நாடுகளுக்கும் ஒன்றே. அதன் பின்னால் ஒவ்வொரு நாடும் தன் வசதிக்கு இன்னும் இரண்டு, நான்கு இலக்கங்களைச் சேர்த்து வரி விகிதத்தை வைக்கிறது. கேமிங் சாமான்களில் என்ன சிக்கல் என்றால், கடையில் ஒரே அலமாரியில் இருப்பவை சுங்கப் பட்டியலில் வெவ்வேறு அத்தியாயங்களில் இருக்கின்றன. கம்ப்யூட்டர் மவுஸும் கீபோர்டும் 8471.60. ஹெட்செட் 8518.30. கம்ப்யூட்டருக்கென்றே வடிவமைத்த மானிட்டர் 8528.52. எஸ்எஸ்டி 8523.51. கேம் கன்சோல் 9504.50, கன்சோலுக்கான கன்ட்ரோலர், ஸ்டீயரிங் வீல் போன்ற துணைச் சாதனங்களும் 9504 தலைப்பின் கீழேதான் வருகின்றன. அதாவது சுங்கத்தின் பார்வையில் அவை விளையாட்டுப் பொருட்களுக்கான 95ஆம் அத்தியாயத்தைச் சேர்ந்தவை.

இது பணத்தில் எப்படித் தெரியும் என்றால், 1996இல் கையெழுத்தான தகவல் தொழில்நுட்ப ஒப்பந்தத்தில் சேர்ந்த நாடுகள் கம்ப்யூட்டர், அதன் பாகங்கள், கீபோர்டு, மவுஸ் போன்றவற்றுக்குச் சுங்க வரியைப் பூஜ்யமாக்க ஒப்புக்கொண்டன. 2015இல் அந்தப் பட்டியலை 201 பொருட்கள் சேர்த்து விரிவாக்கியபோதுதான் வீடியோ கேம் கன்சோல்கள் உள்ளே வந்தன. ஆனால் முதல் ஒப்பந்தத்தில் இருந்த எல்லா நாடுகளும் இரண்டாவதில் சேரவில்லை. சேராத நாட்டில் கம்ப்யூட்டர் மவுஸுக்கு வரியில்லாமலும் கன்சோல் கன்ட்ரோலருக்குக் கணிசமான வரியோடும் இருப்பது சகஜம். உங்கள் நாட்டுப் பட்டியலை நீங்களே பார்த்தே ஆக வேண்டும் என்று சொல்வதற்கு இதுதான் காரணம்; வேறொரு நாட்டுக்காரர் கட்டிய வரி உங்களுக்கு எதையும் சொல்லாது.

உங்கள் வீலுக்கு 8471.60 ஏற்கப்பட்டு அதற்குச் சுங்க வரி பூஜ்யம் என்றால், 630இன் மேல் 18 சதவீத வாட் மட்டும், 113.40. கன்சோல் துணைச் சாதனம் என்றால் மேலே போட்ட 224.91. ஒரே பெட்டிக்கு 111.51 டாலர் வித்தியாசம். எந்தத் தலைப்பு சரி என்பது பொருளைப் பொறுத்தது. கன்சோலுக்கான உரிமச் சின்னமும் கன்சோல் பட்டன்களும் உள்ள வீலைக் கம்ப்யூட்டர் உள்ளீட்டுச் சாதனம் என்று வாதிடுவது கடினம். கம்ப்யூட்டரில் மட்டுமே வேலை செய்யும் வீலுக்கு அந்த வாதம் பொருந்தலாம், ஆனால் அதிலும் நாட்டுக்கு நாடு முடிவு மாறுகிறது. உங்கள் நாட்டுச் சுங்கத் தளத்தில் முன்தீர்ப்புகளைத் தேடும் வசதி இருந்தால், அதில் "steering wheel", "game controller" என்று தேடிப் பாருங்கள். அங்கே உங்கள் மாடலுக்கு நெருக்கமான ஒரு தீர்ப்பு கிடைத்தால், அது எந்த ஊகத்தையும்விட மேல். கடைக்காரரிடம் வரி குறைந்த எச்எஸ் கோடு ஒன்றைப் போடச் சொல்லாதீர்கள். பொருளுக்குப் பொருந்தாத கோடு தவறான அறிக்கை, அதற்குப் பொறுப்பாளி பெறுநரான நீங்கள்.

உண்மையில் அதிகம் நடக்கும் தவறு வேறு மாதிரி. கொரியர் நிறுவனத்தில் அறிக்கை தயாரிப்பவர் பெட்டியைத் திறப்பதில்லை; இன்வாய்ஸில் உள்ள பொருள் விவரத்தைப் படித்துக் கோடு போடுகிறார். அந்த விவரம் "Racing wheel" என்று மட்டும் இருந்தால், மோட்டார் வாகன ஸ்டீயரிங்குக்கான 8708.94இல் போய் விழ வாய்ப்பிருக்கிறது. வீலை மாட்டும் டைரக்ட் டிரைவ் பேஸைத் தனியாக வாங்கினால், உள்ளே மோட்டார் இருப்பதால் மின்மோட்டாருக்கான 8501இல் சேர்த்துவிடலாம். "Electronics", "Game parts" என்று எழுதியிருந்தால் கோடு போடவே முடியாமல் பார்சல் நிறுத்தப்பட்டு, உங்களுக்கு விளக்கம் கேட்டு மின்னஞ்சல் வரும். ஆகவே ஆர்டர் போட்டவுடன், பார்சல் கிளம்புவதற்கு முன், இன்வாய்ஸில் இப்படி எழுதச் சொல்லிக் கடைக்கு ஒரு செய்தி அனுப்புங்கள்:

```
USB game controller, steering wheel type, with pedals,
for video game console and PC. Not a vehicle part.
Model no., unit price, discount, country of origin
```

கடைசியில் உள்ள உற்பத்தி நாடு என்பதையும் லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பொருள் எங்கே தயாரானது என்பதுதான் கணக்கு, எங்கிருந்து அனுப்பினார்கள் என்பதல்ல. உங்கள் நாட்டோடு தடையற்ற வர்த்தக ஒப்பந்தம் உள்ள நாட்டின் கிடங்கிலிருந்து வந்தாலும், வீல் வேறொரு நாட்டில் தயாரானது என்றால் அந்தச் சலுகை கிடைக்காது. அதேபோல் குறிப்பிட்ட நாட்டுப் பொருட்களுக்குக் கூடுதல் வரி இருந்தால், மூன்றாவது நாட்டின் வழியாக வந்தாலும் அது பிடித்துக்கொள்ளும்.

கொரியர் கேட்கும் பணத்துக்கு வருகிறேன். எக்ஸ்பிரஸ் கொரியர் உங்கள் சார்பில் வரியைச் சுங்கத்துக்கு முதலில் கட்டிவிட்டுப் பிறகு உங்களிடம் வசூலிக்கிறது. அப்படி முன்பணம் கட்டியதற்கு ஒரு கட்டணம் போடும். பில்லில் "Disbursement fee" அல்லது "Advance payment fee" என்று இருக்கும். பொதுவாகக் கட்டிய வரியில் ஒரு சிறு சதவீதம், ஆனால் அதற்குக் குறையாத ஒரு குறைந்தபட்சத் தொகை என்று வைத்திருப்பார்கள். வரியில் 2 சதவீதம், குறைந்தது 15 டாலர் என்று எடுத்துக்கொண்டால், 224.91க்கு 2 சதவீதம் 4.50தான், ஆகவே 15 டாலர் விழும். அந்தச் சேவைக்கும் 18 சதவீத வரி, 2.70. உங்கள் மொத்தச் செலவு 630 + 224.91 + 17.70 = 872.61. சில கொரியர் நிறுவனங்கள், டிராக்கிங் பக்கத்திலேயே வரியை முன்கூட்டிக் கட்டிவிட்டால் இந்தக் கட்டணத்தை வாங்குவதில்லை. பார்சல் உங்கள் நாட்டுக்குள் நுழைந்ததும் வரும் இணைப்பைத் தள்ளிப்போடாமல் பார்த்துவிடுங்கள். ஆனால் குறுஞ்செய்தியில் வந்த இணைப்பை அப்படியே தட்டாதீர்கள். சுங்க வரி என்று சொல்லிப் பணம் பறிக்கும் போலிச் செய்திகள் நிறைய. கொரியரின் தளத்துக்கு நீங்களே போய், கடை தந்த டிராக்கிங் எண்ணைப் போட்டு, அங்கே தொகை தெரிந்தால் மட்டும் கட்டுங்கள்.

தபாலில் வந்தால் இந்தக் கட்டணம் பெரும்பாலும் குறைவு, ஒரே நிலையான தொகையாக இருக்கும். ஆனால் உங்கள் செட்டுக்கு நான் தபாலைச் சிபாரிசு செய்ய மாட்டேன். சர்வதேசத் தபாலில் எடை வரம்பு உண்டு, டிராக்கிங் நடுவில் அறுந்து போகலாம், இன்வாய்ஸுக்குப் பதில் மேலே ஒட்டிய சிறு படிவத்தைப் பார்த்தே மதிப்பிடுவார்கள். சிறிய, ஒற்றைச் சாமானுக்கு அது போதும்.

கடைசிப் பக்கத்தில் நீங்கள் பார்த்த வாசகத்துக்கு வர்த்தக மொழியில் DAP என்று பெயர். சில கடைகள் இன்னும் பழைய DDU என்ற பெயரையே வைத்திருக்கின்றன. வரி உங்கள் தலையில். அதே கடையில் DDP என்ற தெரிவு இருந்தால், வரியைக் கடையே வாங்கிக் கட்டிவிடும். விலை கொஞ்சம் கூடத் தெரிந்தாலும், 872.61க்கு அருகில் இருந்தால் DDPயையே எடுங்கள். கோடு தவறினாலும், மதிப்பை உயர்த்திப் போட்டாலும், பொதுவாக அந்தப் பாரம் கடையுடையது. ஒரே ஒரு நிபந்தனை: கட்டிய வரி இன்வாய்ஸில் தனியாகத் தெரிய வேண்டும். கடை வசூலித்த வாட்டின் விவரம் மின்னணு அறிக்கையில் சரியாகப் போய்ச் சேராமல், வாசலில் இரண்டாவது முறை கேட்பது நடக்கிற விஷயம். அப்போது கையில் இருக்கும் அந்த இன்வாய்ஸ்தான் பணத்தைத் திரும்பக் கேட்க ஆதாரம்.

விலை குறைத்துப் போடலாமா, பார்சலைப் பிரித்து வரிவிலக்கு வரம்புக்குக் கீழே கொண்டுவரலாமா என்பது அடுத்து எல்லோருக்கும் வரும் யோசனை. வேண்டாம் என்பதற்கு நடைமுறைக் காரணங்கள் இருக்கின்றன. மாடல் எண்ணைத் தேடினால் விலை ஒரு நொடியில் தெரிந்துவிடும். அதிகாரிக்குச் சந்தேகம் வந்தால் கட்டணச் சான்று கேட்பார், பொருந்தாவிட்டால் தன் மதிப்பீட்டைப் போட்டு அபராதமும் சேர்ப்பார். 550 டாலர் பொருளை 60 என்று எழுதிய பார்சல் வழியில் உடைந்தால், இன்சூரன்ஸிலும் பொதுவாக 60தான் கிடைக்கும். பிரித்து அனுப்பினாலும், ஒரே கடையிலிருந்து ஒரே பெறுநருக்கு ஒரே நேரத்தில் வருபவற்றைச் சேர்த்துக் கணக்கிடும் அதிகாரம் பல நாடுகளில் சுங்கத்துக்கு உண்டு. வரம்புகளும் சுருங்கி வருகின்றன. ஐரோப்பிய ஒன்றியம் 2021 ஜூலை 1 முதல் சிறு பார்சல்களுக்கு இருந்த வாட் விலக்கை எடுத்துவிட்டது. அமெரிக்கா தன் 800 டாலர் விலக்கை 2025 ஆகஸ்ட் 29 முதல் எல்லா நாட்டுப் பார்சல்களுக்கும் நிறுத்தியது. இரண்டு வருடத்துக்கு முந்தைய ஆலோசனையை நம்பி ஆர்டர் போடாதீர்கள்.

பில் வந்ததும் நான்கு இடங்களைப் பாருங்கள்: எச்எஸ் கோடு, அறிவித்த மதிப்பு, நாணய மாற்று விகிதம், சேர்க்கப்பட்ட ஷிப்பிங் தொகை. மாற்று விகிதம் உங்கள் வங்கி காட்டுவதோடு பொருந்தாது. சுங்கத் துறை தானே அறிவித்த விகிதத்தைத்தான் பயன்படுத்தும், அது தவறல்ல. ஷிப்பிங்கில் நீங்கள் கட்டிய 70க்குப் பதில் கொரியரின் பட்டியல் விலை ஏறியிருந்தால், நீங்கள் கட்டிய ரசீதைக் காட்டித் திருத்தச் சொல்லலாம். கோடு 87இல் தொடங்கினால் வாகனப் பாகமாக எடுத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். உடனே கொரியரின் சுங்கப் பிரிவுக்குத் தயாரிப்பாளரின் விவரப் பக்கத்தையும் இன்வாய்ஸையும் இணைத்து எழுதுங்கள். வரி கட்டுவதற்கு முன் திருத்துவது சுலபம். கட்டிய பிறகு திரும்பக் கேட்கவும் வழி உண்டு, ஆனால் அதற்குக் காலக்கெடு இருக்கும், பணம் வர மாதக்கணக்காகும். இதற்காகப் பார்சலை அதிக நாள் கிடங்கில் நிறுத்தி வைத்தால் நாள் வாடகை ஏறும். சர்ச்சைத் தொகை சிறியதென்றால் கட்டிப் பார்சலை எடுத்துவிட்டுப் பிறகு திருத்தம் கேட்பதே மேல்.

ஒயர்லெஸ் வீல் அல்லது கழற்றி மாட்டும் ரிம்மில் புளூடூத் இருந்தால், ரேடியோ சாதன அனுமதி உங்கள் நாட்டில் தனிநபருக்குத் தேவையா என்று முன்பே பாருங்கள். இதில் பிரச்சினை வந்தால் வரி கட்டித் தீர்க்க முடியாது. பார்சலே திரும்பிப் போகும்.

கடைசியாக, வாரண்டி. வீலின் மோட்டாரோ பெடலின் சென்சாரோ முதல் வருடத்தில் பழுதாகிப் போகக்கூடியவை என்பதால் இதைச் சொல்கிறேன். திருப்பி அனுப்பினால் கட்டிய வரி தானாகத் திரும்பி வராது. மாற்றுப் பொருள் வரும்போது அது "இலவசம்" என்று கடை 0 மதிப்பு போட்டாலும் சுங்கம் ஏற்காது, உண்மையான மதிப்புக்கு மறுபடியும் வரி போடக்கூடும். இதைத் தவிர்க்கப் பல நாடுகளில் வழி இருக்கிறது: பழுதான பொருளை அனுப்பும் முன்பே, பழுது பார்க்க வெளியே போகிறது என்று ஏற்றுமதி அறிக்கை பதிவு செய்து, அதில் சீரியல் எண்ணையும் முதல் வரி ரசீதின் எண்ணையும் எழுத வேண்டும். அந்தத் தாள் இருந்தால் திரும்பி வரும்போது வரி குறையும் அல்லது இருக்காது. அனுப்பிய பிறகு பொதுவாக அந்த அறிக்கையை உருவாக்க முடியாது. கொரியர் கடைக்கு எடுத்துப் போகும் முன், பெட்டியைத் திறந்து சீரியல் எண் தெரியும்படி ஒரு படம் எடுத்து, வரி ரசீதோடு சேர்த்து வையுங்கள். முழுச் செட்டையும் அனுப்பாமல் பழுதான பெடலை மட்டும் அனுப்பக் கடை சம்மதித்தால், திரும்பி வரும்போது சுங்கம் பார்க்கும் மதிப்பும் அந்தப் பாகத்துக்கு மட்டும்தான்.